எண்ணைச் சொல்வதும் நோயைச் சொல்வதும்

"அக்கா, இது ஓகேவா?" என்று கேட்கும் பெண் உண்மையில் எண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. நாளைக்கு நடவுக்குப் போகலாமா, டாக்டருக்கு முன்னூறு ரூபாய் செலவழிக்க வேண்டுமா, வீட்டில் சொன்னால் நம்புவார்களா என்றுதான் கேட்கிறாள். லேபில் வேலை பார்ப்பவள் என்பதால் குத்தாலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து எனக்கு இப்படிப் படங்கள் வருகின்றன. "ஓகே" என்றால் அவள் அலைச்சல் மிச்சம், "இல்லை" என்றால் அவள் தூக்கம் போச்சு. இரண்டில் எதையும் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?

ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். மடித்த தாள், மேல் பாதி வெட்டுப்பட்டிருந்தது. ஹீமோகுளோபின் 9.4, எம்.சி.வி. 69 இரண்டும் தடித்த எழுத்தில். ஃபெரிட்டின் 19 சாதாரண எழுத்தில். பதில் சொல்வதற்கு முன் நான் கேட்டவை: யாருடையது, எந்தத் தேதி, வயது என்ன, கர்ப்பமா. ஏனென்றால் எல்லையே மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ரத்தசோகைக்கான கோடு கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு அதைவிடக் குறைவு. இவளுக்கு 44 வயது, கர்ப்பமில்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஹீமோகுளோபின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள், அது குறைவாக இருக்கிறது. எம்.சி.வி. என்பது சிவப்பணுவின் சராசரி அளவு. வழக்கமாக 80 முதல் 100 வரை இருக்கும், இவளுடையவை சின்னவை. இரும்புச்சத்து குறைந்தால் அணுக்கள் இப்படிச் சிறுத்துப்போகும். ஆனால் பிறவியிலேயே வரும் தலசீமியா கூறு இருந்தாலும் சிறுத்துத்தான் இருக்கும். எண் ஒரு திசையைக் காட்டுகிறது, ஊரின் பெயரைச் சொல்வதில்லை.

தடித்த எழுத்தில் இல்லாத அந்த 19தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஃபெரிட்டின் உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அடையாளம். தாளில் 'நார்மல்' என்று அச்சடிக்கும் எல்லை பொதுவாக எப்படி வருகிறது? ஆரோக்கியமானவர்களாகத் தோன்றும் பலரை அளந்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரை வைத்துக்கொள்கிறார்கள். அதனால் ஆரோக்கியமானவருக்கும் இருபது எண்களில் ஒன்று தடித்து வரலாம், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அளக்கப்பட்ட பெண்களிலேயே பலருக்கு மாதாமாதம் இரும்பு வடிந்து சேமிப்பு வற்றியிருந்தால்? அந்த வற்றலே 'நார்மல்' ஆகிவிடும். பல லேபுகளின் தாளில் பெண்களின் கீழ் எல்லை ஆண்களுடையதைவிடத் தாழ்ந்திருப்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் நாட்டில் 'எல்லாருக்கும் இருக்கிறது' என்பது 'சரியாக இருக்கிறது' என்று அர்த்தமாகாது. இன்னொன்று: உடம்பில் எங்காவது அழற்சியோ தொற்றோ இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே ஏறும். ஆகவே எல்லைக்குள் இருக்கும் 19, இரும்பு போதும் என்பதற்குச் சாட்சி இல்லை.

இவ்வளவு தெரிந்தவள் "இரும்பு மாத்திரை போடு" என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று என் தோழி கோபித்தாள். டாக்டர் இரண்டு நிமிஷம்கூடப் பார்ப்பதில்லை, நீ ஒதுங்குவது கோழைத்தனம் என்றாள். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரும்பு எங்கே போகிறது என்பதைத் தாள் சொல்லவில்லை. மாதவிடாயில் அதிகம் போகிறதா, கர்ப்பப்பையில் கட்டியா, மூலமா, வயிற்றில் புண்ணா, வெறுங்காலோடு சேற்றில் நிற்பவளுக்குக் கொக்கிப்புழுவா? மாத்திரை எண்ணை ஏற்றிவிடும், கசிவு உள்ளே தொடரும். எண் ஏறிய பிறகு யாரும் தேடவும் மாட்டார்கள்.

"முருங்கைக்கீரை சாப்பிடு" என்ற வீட்டு வைத்தியம் இன்னும் மோசம். அதுவும் ஒரு நோய்க்கணிப்புதான். குறை அவள் சமையலில், அவள் அலட்சியத்தில் என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

நோயைப் பெயரிடாமல் இருப்பது வாயை மூடிக்கொள்வது இல்லை. அவளிடம் "இதை அப்படியே விடக் கூடாது, இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்" என்றேன். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ வாரம் பார்க்காமல் அன்றே போக வேண்டும் என்றேன். டாக்டரிடம் சொல்ல வேண்டியதை ரிப்போர்ட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்ளச் சொன்னேன்: எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றுகிறாய், கட்டி கட்டியாக வருகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "எதனால் குறைந்தது என்று பார்க்க வேண்டாமா டாக்டர்?"

துணிக் கணக்கு எழுதும்போது அவள் தயங்கினாள். ஏழெட்டு என்றாள். அது எல்லாருக்கும் அப்படித்தானே அக்கா என்றாள்.