முட்டை படுத்திருக்கிறதா, நிற்கிறதா?

புதுச்சத்திரத்தில் சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலை ஓரம் பேருந்துக்கு நிற்கும்போதெல்லாம் அம்மா என்னைத்தான் கேட்பார்: "இது எந்தூரு வண்டி கண்ணு?" வலது கண்ணில் புரை அறுவை முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. ஒளி நன்றாக வந்துவிட்டது, நிறங்கள் பளிச்சென்று தெரிந்தன. பலகையில் இருக்கும் எழுத்து மட்டும் பக்கவாட்டில் இழுத்துப் பூசியதுபோல் இருக்கிறது என்றார். மருத்துவமனையில் கண்ணாடிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வலது கண்ணுக்கு அதில் இருந்தது இவ்வளவுதான்:

+0.50 / −1.50 × 90

அந்தச் சீட்டோடு நாமக்கல்லில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். அங்கே இயந்திரத்தில் கண்ணை மறுபடி பார்த்து, வேறொரு தாளை நீட்டினார்கள்:

−1.00 / +1.50 × 180

பிளஸ் இருந்த இடத்தில் மைனஸ். மைனஸ் இருந்த இடத்தில் பிளஸ். 90 போய் 180. இரண்டில் ஒன்று தப்பு என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. உண்மையில் இரண்டும் ஒரே கண்ணாடிதான். அது எப்படி என்று புரிந்தால் சீட்டின் மூன்று எண்களும் புரிந்த மாதிரி.

முதல் எண் ஸ்பியர். ஸ்பியர் என்றால் உருண்டை. பந்தைப்போல எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்த வில்லை என்று பொருள். அளவு டையாப்டர். 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் தூரம் மீட்டரில் கிடைக்கும். −1.00 தேவைப்படும் கண்ணுக்கு ஒரு மீட்டர் தூரம் வரைதான் தெளிவு, அதற்கு அப்பால் மங்கல். −2.00 என்றால் அரை மீட்டர். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, பிளஸ் என்றால் தூரப்பார்வை. கால் காலாக ஏறும் எண் இது: 0.25, 0.50, 0.75. சில கடைகளில் புள்ளியை விட்டுவிட்டு 150 என்று எழுதுவார்கள், அது 1.50தான்.

கண்ணின் முன்பக்கம் பந்துபோல் இருந்தால் இந்த ஓர் எண்ணோடு வேலை முடிந்தது. பலருக்கு அப்படி இருப்பதில்லை. இங்கே நம் ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு முட்டையை மேசைமேல் படுக்க வைத்து, அதன் பக்கவாட்டை விரலால் தடவிப் பாருங்கள். இடமிருந்து வலமாக, நீளவாக்கில் போனால் வளைவு மெதுவாக இருக்கும். மேலிருந்து கீழாக, குறுக்கே போனால் வளைவு இறுக்கமாக இருக்கும். ஒரே ஓட்டில் இரண்டு வளைவுகள். கருவிழியும் இப்படி முட்டைவாக்கில் இருந்தால் ஒரு திசையில் வரும் ஒளி ஓரிடத்திலும், அதற்குக் குறுக்கே வரும் ஒளி இன்னோரிடத்திலும் குவியும். பாடப்புத்தகத்தில் இதற்குப் பார்வைச் சிதறல் குறைபாடு என்று பெயர்.

அந்த இரண்டு வளைவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வதுதான் இரண்டாவது எண், சிலிண்டர். உருளை வடிவத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். நெட்டுக்குத் தடவினால் வளைவே இல்லை, குறுக்கே தடவினால்தான் வளைவு. ஆகவே உருளை வில்லை ஒரு திசையை விட்டுவிட்டு மறு திசையை மட்டும் திருத்தும். ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி, தன் இடது கண்ணுக்காக இப்படியொரு வில்லையை 1825 வாக்கில் கணக்குப் போட்டுக் கடைசல் செய்து வாங்கினார். ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் உருளை. இன்று நாம் வாங்கும் சிலிண்டர் கண்ணாடிக்கும் அடிப்படை அதேதான்.

திருத்தம் எந்தத் திசையில் என்று சொல்லாவிட்டால் சிலிண்டர் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதைச் சொல்வது மூன்றாவது எண், ஆக்சிஸ். இது பவர் அல்ல, வெறும் கோணம். 1 முதல் 180 வரை ஓடும். 175 என்று பார்த்து "பவர் இவ்வளவா?" என்று பயப்பட வேண்டியதில்லை. அம்மாவுக்கு எதிரே நாம் உட்கார்ந்தால், நம் வலது கைப்பக்கத்தில் தொடங்கி மேல்நோக்கி, கடிகார முள்ளுக்கு எதிராக எண்ணிப் போக வேண்டும். நேர் செங்குத்து 90, கிடைமட்டம் 180. இரண்டு கண்ணுக்கும் இதே கணக்கு. சிலிண்டர் மைனஸில் எழுதியிருந்தால் ஆக்சிஸ் என்பது முட்டையின் நீளம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதுதான். 180 என்றால் முட்டை படுத்திருக்கிறது. 90 என்றால் நிற்கிறது.

இளம் வயதில் சிதறல் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் முட்டை படுத்தேதான் இருக்கும். வயது ஏற ஏற அது மெல்ல எழுந்து நிற்கும் பக்கம் போகும். புரை அறுவையும் இதில் கை வைக்கும். தையல் இல்லாத சிறு வெட்டு அறுவையில் விழியின் மேல் விளிம்பில் வெட்டுப் போட்டால், மேல் – கீழ் வளைவு கொஞ்சம் தளர்ந்து தட்டையாகும். நீளம் செங்குத்தாகிவிடும், முட்டை நிற்கும். அம்மாவின் 90 இதற்குப் பொருந்துகிறது. புண் ஆறி வளைவு நிலைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால்தான் அறுவை முடிந்த கையோடு கண்ணாடி எழுதிக் கொடுப்பதில்லை.

இனி அம்மாவின் சீட்டைத் திசைவாரியாகப் பிரிப்போம். மருத்துவமனைச் சீட்டில் ஆக்சிஸ் 90. சிலிண்டர் தன் ஆக்சிஸ் திசையில் எதுவும் செய்யாது. ஆகவே செங்குத்துத் திசையில் ஸ்பியர் மட்டும்: +0.50. கிடைத் திசையில் இரண்டும் சேரும்: +0.50-உம் −1.50-உம் சேர்ந்தால் −1.00. அடுத்து கடைத் தாள். அதில் ஆக்சிஸ் 180. கிடைத் திசையில் ஸ்பியர் மட்டும்: −1.00. செங்குத்தில் −1.00-உம் +1.50-உம் சேர்ந்து +0.50. இரண்டு தாளிலும் விடை ஒன்றே. ஒருவர் ஒரு வளைவிலிருந்து தொடங்கி மற்றதற்குப் போயிருக்கிறார், இன்னொருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருக்கிறார்.

பலகை எழுத்து பக்கவாட்டில் இழுபட்டதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. அம்மாவுக்குப் பிழை அதிகம் கிடைத் திசையில். அதனால் 'ப' எழுத்தின் இரண்டு நெட்டுக் கோடுகளும் அகலமாகப் பரவுகின்றன, அடிக்கோடு அவ்வளவு கெடுவதில்லை.

ஒரு தாளை மற்றொன்றாக மாற்ற மூன்று படிகள். ஸ்பியரையும் சிலிண்டரையும் கூட்டினால் புதிய ஸ்பியர். சிலிண்டரின் குறியை மட்டும் மாற்றவும். ஆக்சிஸ் 90 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் 90 கூட்டவும், அதிகமாக இருந்தால் 90 கழிக்கவும். இரு தாள்கள் வேறாகத் தெரிந்தால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விடை ஒத்து வந்தால் கவலையில்லை. வராவிட்டால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஆபத்து எங்கே வரும் என்றால், இரண்டு தாளையும் கலக்கும்போது. ஸ்பியரும் சிலிண்டரும் ஒரு தாளிலிருந்தும் ஆக்சிஸ் மற்றதிலிருந்தும் போய்விட்டால் +0.50 / −1.50 × 180 என்று ஆர்டர் ஆகும். எண்கள் எல்லாம் எங்கேயோ பார்த்தவைதாம், ஆனால் கண்ணாடி தலைகீழ். 1.50 சிதறலைத் திருத்தப் போய், அது 3.00 ஆகிவிடும். நிற்கும் முட்டைக்குப் படுத்த முட்டையின் மருந்து.

எங்கள் வீட்டில் வந்த சிக்கல் இவ்வளவு பெரியதல்ல. ஆர்டர் சரியாகத்தான் போனது. முதல் நாள் அம்மா வாசற்படியில் நின்று, "தரை மேட்டாட்டம் தெரியுது கண்ணு" என்றார். புது சிலிண்டருக்கு இது வழக்கம். மூளை பழைய சாய்வுக்குப் பழகியிருப்பதால் ஓரிரு வாரம் தரை ஏறி இறங்கும். எழுத்து மட்டும் தெளிவாகத் தெரிந்தால் பொறுத்திருக்கலாம். பத்து நாளில் அது சரியாகிவிட்டது. மூன்றாம் மாதம் வேறு புகார்: தரை நேராக இருக்கிறது, எழுத்துதான் மறுபடி இழுக்கிறது.

ஒரு கண்ணை மூடச் சொல்லி, வலது கண்ணால் மட்டும் சுவர் நாள்காட்டியின் தேதியைப் பார்க்கச் சொன்னேன். பிறகு கண்ணாடியை முகத்திலேயே லேசாக ஒரு பக்கம் சாய்த்தேன். "இப்பத் தெளிவாருக்கு" என்றார். சாய்த்தால் தெளிகிறது என்றால் பவரில் குறையில்லை, கோணம்தான் நழுவியிருக்கிறது. அம்மா ஆசைப்பட்டு எடுத்தது வட்டச் சட்டகம். அதன் திருகு தளர்ந்து, துடைக்கத் துடைக்க வில்லை சட்டகத்துக்குள்ளேயே சுழன்றிருந்தது. வெறும் ஸ்பியர் வில்லை எத்தனை சுற்று சுற்றினாலும் ஒன்றும் ஆகாது. சிலிண்டர் வில்லைக்கு அப்படியல்ல. 10 டிகிரி திரும்பினால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு பிழையாகத் திரும்ப வரும், அம்மாவுக்கு 0.50. 30 டிகிரி திரும்பினால் முழுதாக 1.50-உம் திரும்ப வந்துவிடும். கண்ணாடி போட்டும் சிதறல் குறையவே இல்லை என்ற நிலை. சிலிண்டர் கூடக் கூட ஆக்சிஸில் துல்லியமும் கூட வேண்டும். 0.50 சிலிண்டர்காரருக்கு 10 டிகிரி பெரிதாகத் தெரியாது. 2.00-க்கு மேல் 5 டிகிரியே தெரியும். மூக்குத்தண்டில் கோணலாக உட்காரும் சட்டகமும் இதே வேலையைத்தான் செய்யும்.

வில்லையில் சிலிண்டர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியாகக் கதவு நிலையின் நேர்க்கோட்டைப் பாருங்கள். கண்ணாடியை வண்டிச் சக்கரம்போல் மெல்லச் சுழற்றினால், வில்லைக்குள் தெரியும் கோடு வெளிக்கோட்டை விட்டுச் சாயும். ஸ்பியர் மட்டும் என்றால் சாயாது. எத்தனை டிகிரி என்பதை இது சொல்லாது, அதற்குக் கடையின் லென்சோமீட்டர்தான் வேண்டும்.

கிட்டப் படிக்கும் பவருக்கும் இதே மூன்று எண்கள்தாம். அறுவையில் வைத்த வில்லை தானாகக் குவிந்து கொடுக்காது என்பதால் படிக்கத் தனியாக ஆட் என்று எழுதுவார்கள், அம்மாவுக்கு +2.50. அது ஸ்பியரோடு மட்டும் சேரும்: +3.00 / −1.50 × 90. தூர வரிசையிலும் கிட்ட வரிசையிலும் சிலிண்டரும் ஆக்சிஸும் பொதுவாக ஒன்றாகவே இருக்கும். வேறாக இருந்தால் எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள். திருவிழாக் கடையில் விற்கும் ஆயத்த வெள்ளெழுத்துக் கண்ணாடியில் ஸ்பியர் மட்டுமே இருக்கும். இந்தக் கண்ணுக்கு அது எழுத்தைப் பெரிதாக்கும், இழுப்பைப் போக்காது.

அப்பா அம்மாவுக்குச் செய்த கண்ணாடியைக் கையில் வாங்கும்போது பணம் கொடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். சட்டகத்தில் மாட்டிய வில்லையை லென்சோமீட்டரில் வைத்து, மூன்று எண்களையும் உங்கள் எதிரில் படிக்கச் சொல்லி, சீட்டோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. வட்டச் சட்டகமாக இருந்தால் திருகை இன்னொரு முறை இறுக்கித் தரச் சொல்லுங்கள்.