சொல்லைத் திருப்பலாம், ஆளைத் திருப்பி அடிக்கலாமா?

எதிரணிப் பேச்சாளர் சொன்ன சொல்லையே எடுத்து அவருக்குப் பதில் சொல்வது விவாத மேடையில் பெரிய கைதட்டலை வாங்கித் தரும். அந்தக் கைதட்டல் நேர்மையானதா என்பதுதான் என் கேள்வி. சுங்கைப் பட்டாணி, பீடோங் பக்கத்துப் பள்ளி மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி கொடுக்கும்போது அடிக்கடி இந்த இடத்தில்தான் வந்து நிற்போம்.

எங்கள் பயிற்சியில் ஒரு தலைப்பு உண்டு. ‘தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பட்டணத்திற்கு மாற்றுவதே நன்மை.’ கெடாவில் இது வெறும் தலைப்பு இல்லை. தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் வெளியேறிய பிறகு, பிள்ளைகள் குறைந்துபோன பள்ளிகளை நாமே பார்க்கிறோம்.

எதிர்த்துப் பேசிய மாணவி, “வேரோடு பிடுங்கினால் எந்த மரமும் பட்டுப்போகும்” என்றாள். நல்ல அடி. இதற்கு மூன்று மாணவர்கள் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள்.

முதலாமவன், “தோட்டத்தை விட்டு வெளியே வராதவங்க இப்படித்தான் பேசுவாங்க” என்றான். சிரிப்பு வந்தது. ஆனால் எல்லோரும் அந்த மாணவியின் முகத்தைத்தான் பார்த்தார்கள், அவள் சொன்ன கருத்தை யாரும் பார்க்கவில்லை. அவமதிப்பு நடந்துவிட்டது என்பதற்கு அந்தப் பார்வையே அடையாளம்.

இரண்டாமவன், “பள்ளிக்கூடம் சிமெண்டுக் கட்டடம், அதுக்கு ஏது வேர்?” என்றான். யாரையும் திட்டவில்லை, உண்மைதான். ஆனால் அவள் உருவகமாகச் சொன்னதை இவன் நேர்ப்பொருளில் பிடித்துக்கொண்டான். இந்தத் தந்திரத்துக்கு நம் நியாய சாத்திரம் ‘சலம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. கௌதமரின் நியாய சூத்திரம் சொல்லும் பதினாறு பொருள்களில் இதுவும் ஒன்று. அதன் உரையில் வாத்ஸ்யாயனர் ஓர் உதாரணம் தருகிறார். வயல் பரண்களில் இருப்பவர்கள் கூவுவதை ஒருவர், “பரண்கள் கூவுகின்றன” என்கிறார். “பரண் எப்படிக் கூவும்?” என்று மற்றவர் மடக்குகிறார். மடக்கியவர் எதையும் மறுக்கவில்லை, புரிந்தும் புரியாததுபோல் நடித்தார், அவ்வளவுதான். உண்மையைத் தேடும் வாதத்தில் சலத்துக்கு இடமில்லை. வெல்வதற்காகவே பேசும் ‘ஜல்ப’த்தில்தான் அது வரும்.

மூன்றாமவன் எழுந்து, “எதிரணித் தோழி வேரோடு பிடுங்கினால் பட்டுப்போகும் என்றார். நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரம் எங்கிருந்து வந்தது? பிரேசில் விதை, இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைத்து, 1877இல் கன்றாகச் சிங்கப்பூருக்கு வந்தது. ஒட்டுக்கன்றையும் நாற்றங்காலில் இருந்து பிடுங்கி நடுவது உண்டு. பிடுங்காமல் அங்கேயே நெருக்கமாக விட்டால் தோட்டம் ஏது?” என்றான்.

இவன் ‘பிடுங்குவது’ என்ற சொல்லை அவள் நினைத்த பொருளிலேயே, அதாவது இடம் பெயர்ப்பது என்றே எடுத்துக்கொண்டான். “நீங்க சொன்னது இதுதானே?” என்று கேட்டால் அவள் “ஆமா” என்று தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டல் கிடைக்கும் என்றால் திருப்புவது நேர்மை. கிடைக்காது என்றால் அது சலம். அதனால்தான் எதிரணியின் சொற்றொடரை நம் வசதிக்கு மாற்றாமல், சொன்னது சொன்னபடி அட்டையில் எழுதச் சொல்கிறேன்.

ஆனாலும் மூன்றாமவன் ஜெயித்துவிடவில்லை. உவமையை உடைத்தால் உவமைதான் உடையும், கருத்து அப்படியே நிற்கும். ரப்பர் கன்று பிழைத்ததால் பள்ளியும் பிழைக்கும் என்று ஆகிவிடாது. புதிய இடத்தில் எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள் என்பதை அவன் தனியாகக் காட்ட வேண்டும்.

அந்த மாணவி அதைச் சரியாகப் பிடித்தாள். “ஒட்டுக்கன்று என்றீர்கள், ஒப்புக்கொள்கிறேன். பிடுங்கும்போது ஆணிவேர் ஒடிந்தால் அந்தக் கன்று தேறுவது கஷ்டம். பள்ளிக்கு ஆணிவேர் பிள்ளைகள். தோட்டத்தில் மிஞ்சியிருக்கும் பிள்ளைகள் பட்டணத்துக்கு எந்தப் பஸ்ஸில் வருவார்கள்?”

இந்த முறை யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பற்றித்தான் யோசித்தார்கள். அவன் சொல் அவனிடமே திரும்பியது, கூடவே அவன் பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு கேள்வியும் போனது. நகைச்சுவையை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அந்தக் கேள்வி மிஞ்சும். முதல் இரண்டு பதில்களில் சிரிப்பை எடுத்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது.

வாதத்தில் எதிரே நிற்பவர் நம்மோடு சேர்ந்து உண்மையைத் தேடுகிறவர் என்றுதான் நியாய மரபு கருதுகிறது. அப்படியானால் அவர் சொல்லைத் திருப்பும்போது, வாங்கிய பொருளில் குறைக்காமல் திருப்பிக் கொடுக்கும் கடமை நமக்கு இருக்கிறது.