ஒரு நாள் வீட்டுக்கு வாங்க



போன மாதம் மதுரையில் ஒரு கல்யாணம். எங்கள் தெருவில் இருக்கிற, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அக்காவோடு போயிருந்தேன். பந்தி முடிந்து தாம்பூலப் பையோடு வாசலுக்கு வந்தபோது, அவரோடு முன்னாளில் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன டீச்சர், ஆளே மாறிட்டீங்க! ஒரு நாள் அவசியம் வீட்டுக்கு வரணும், நாள் பூரா உட்கார்ந்து பேசணும்" என்றார். சொல்லும்போதே ஒரு கால் செருப்புக்குள் போய்விட்டது. கண் கார் வரும் பக்கம் இருந்தது.

இன்னொரு டீச்சரைச் சாப்பாட்டு வரிசையிலேயே பார்த்திருந்தோம். அவர் அதிகம் பேசவில்லை. "பார்ப்போம், ஒரு நாள் சந்திக்கலாம்" என்று இழுத்தார், அவ்வளவுதான். ஆனால் அக்காவுக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டதும், மாடிப்படி ஏற முடிகிறதா, பஸ்ஸில் ஏறி இறங்க முடிகிறதா என்று விசாரித்தார்.

திரும்பி வரும்போது அக்கா, "முதல் ஆளுக்குத்தான் நம்ம மேல பிரியம்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்கா கெட்டிக்காரர். காத்திருக்கவில்லை. இரண்டு பேருக்குமே போன் போட்டார், கிழமையும் நேரமும் சொல்லியே கேட்டார். "வியாழக்கிழமை சாயங்காலம் உங்க பக்கம் வர்றேன். ஒரு அரைமணி நேரம் வரட்டுமா?"

முதல் டீச்சர், "அய்யோ, வியாழக்கிழமையா? வெளியூர் போறோமே! வந்ததும் நானே கூப்பிடுறேன்" என்றார். கூப்பிடவில்லை. பத்து நாள் கழித்து அக்கா மறுபடி கேட்டார். அப்போதும் காரணம் வந்ததே தவிர, வேறு நாள் வரவில்லை.

இரண்டாவது டீச்சர், "வியாழக்கிழமை வேண்டாம்" என்றார். அக்கா முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அந்தப் பக்கம் பேச்சு நிற்கவில்லை. "வெள்ளிக்கிழமை மீனாட்சி அம்மன் கோயிலுக்கு வர்றேன். அஞ்சரை மணிக்குப் பொற்றாமரைக் குளத்துப் படியில உட்கார்ந்திருப்பேன். நீங்க கீழ்ப்படி வரைக்கும் இறங்க வேண்டாம், மேலேயே இருங்க" என்றார். போனார்கள். நடை சாத்தும் நேரம் வரை பேசியிருக்கிறார்கள்.

அங்கே போய்த்தான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மா இருப்பது மகன் வீட்டில். மருமகள் வேலைக்குப் போகிறவள், ராத்திரி முறை வந்தால் பகலில் தூங்க வேண்டும். யாரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதென்றால் கேட்டுவிட்டுத்தான் கூப்பிட முடியும். அதனால்தான் மண்டபத்தில் அந்த இழுவை. ஆசைக்குக் குறைவில்லை, நாள் சொல்லும் உரிமைதான் அவர் கையில் இல்லை. நம் ஊரில் வயதானவர்கள் பலருக்கு இதுதான் நிலைமை.

இப்படி ஒப்புக்குக் கூப்பிடுவதைப் பற்றி எல்லன் ஐசக்ஸ், ஹெர்பர்ட் கிளார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். ஒப்புக்கு அழைக்கிறவர்கள் நாள், நேரம், இடம் என்று பேச்சை இறக்கமாட்டார்கள், தயங்கினால் வற்புறுத்தவும் மாட்டார்கள் என்கிறார்கள். சரிதான். ஆனால் நம்மூரில் வற்புறுத்தலை நம்ப முடியாது. "அவசியம்", "கட்டாயம்" எல்லாம் வாசலில் இலவசமாகவே கிடைக்கும். நான் பார்ப்பது வேறு. கிளம்புகிற நேரத்தில் சொன்னாரா, பேச்சின் நடுவில் சொன்னாரா? நம் சௌகரியத்தைப் பற்றி ஏதாவது கேட்டாரா? அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் அக்கா செய்ததுதான் வழி. ஒரு நாளைச் சொல்லிக் கேட்க வேண்டும். "முடியாது" என்பதை வைத்து ஒன்றும் முடிவு கட்டக் கூடாது. அதற்குப் பின்னால் இன்னொரு நாளோ இடமோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் நோயாளி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை என்று இருந்தால் அதுவும் உடனே வராது. அதனால்தான் இரண்டாம் தடவை. மூன்றாவது தடவை கேட்டால் அது தொந்தரவு.

முதல் டீச்சர் மேல் எனக்கு வருத்தமில்லை. வாசலில் நின்று "சரி, போறேன்" என்று மொட்டையாகச் சொல்ல யாருக்கு மனசு வரும்? முகம் கோணாமல் பேச்சை முடிக்க ஒரு வழி வேண்டுமே. அக்காவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கல்யாணத்தில் பார்த்தால் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

எனக்குக் கோபம் வேறு ஒருவர் மேல். எங்கள் உறவுக்காரர். "வீட்டுக்கு வா வான்னாங்க, அப்புறம் ஒரு போன்கூட இல்லை" என்று வருஷக்கணக்காக ஒரே குறை. நீங்கள் ஒரு தடவையாவது போன் செய்தீர்களா என்று கேட்டேன். "அதெப்படி? கூப்பிட்டது அவங்கதானே, அவங்கதான் பண்ணணும்" என்கிறார்.