திறந்த புத்தகத்தின் முன் தோற்கும் கேள்விகள்

பரீட்சை மண்டபத்தில் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதைக் களவு என்கிறோம். அதே புத்தகத்தின் அதே வரியை மனப்பாடம் செய்து வந்து எழுதினால் திறமை என்று புள்ளி போடுகிறோம். விடைத்தாளில் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் மாணவனுடைய சிந்தனை ஒரு சொல்லும் இல்லை. பொருள் தெரியாத மந்திரத்தைப் பிழையின்றிச் சொல்பவரை அறிவாளி என்று ஏற்காத நாம், பொருள் தெரியாத வரைவிலக்கணத்தைப் பிழையின்றி எழுதும் பிள்ளைக்கு மட்டும் ஏன் 'ஏ' சித்தி கொடுக்கிறோம்?

புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதச் சொன்னால் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் என்று ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். உண்மையில் திறந்த புத்தகத்தின் முன் முதலில் தோற்பது நமது கேள்விதான். 'உருகலின் தன்மறை வெப்பத்தை வரையறுக்க' என்ற வினா அங்கே ஒரு நிமிடமும் நிற்காது.

நிற்கக்கூடிய கேள்வி ஒன்றைச் செய்து பார்ப்போம். திருகோணமலை மாவட்டத்தின் இலங்கைத்துறையில் உயர்தரப் பௌதிகவியல் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். கடலும் களப்பும் சூழ்ந்த ஊர். மீனும் ஐஸும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். வினா இதுதான்: '30 பாகை செல்சியஸில் இருக்கும் 40 கிலோ மீனை 0 பாகைக்குக் குளிரவைக்க வேண்டும். மீனின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோவுக்கு, பாகைக்கு 3.5 கிலோயூல். ஐஸ் உருகக் கிலோவுக்கு 334 கிலோயூல் தேவை. எவ்வளவு ஐஸ் வேண்டும்? ஒரு மீனவர் கிலோவுக்குக் கிலோ என்று 40 கிலோ ஐஸ் ஏற்றுகிறார். அவர் காசை வீணாக்குகிறாரா? உமது முடிவைக் காரணத்தோடு எழுதுக. அதைச் சோதிக்கும் வழி ஒன்றும் கூறுக.'

கணக்கு எளிது. வெளியேற்ற வேண்டிய வெப்பம் 4,200 கிலோயூல். ஐஸ் ஏறத்தாழ 12.6 கிலோ. சூத்திரத்தைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மீனவர் ஏன் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கொண்டுபோகிறார் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. 12.6 கிலோ, மீனைக் குளிரவைத்த கணமே உருகி முடிந்துவிடும். அதன்பின் மீன் மீண்டும் சூடேறும். பெட்டியின் சுவரூடாக வெப்பம் வருகிறது, மூடியைத் திறக்கும்போதெல்லாம் வருகிறது, மீன் பிடிபடும் முன்பே ஐஸின் ஒரு பகுதி கரைந்துவிடுகிறது. கணக்கில் சொல்லப்படாத இந்த வெப்பத்தைக் கண்டுபிடிப்பவனே தன்மறை வெப்பத்தை விளங்கியவன்.

புள்ளித் திட்டமும் இதற்கேற்ப மாறவேண்டும். 20 புள்ளியில் கணிப்புக்கு 5, சொல்லப்படாத வெப்பத்தை இனங்காண 6, முடிவுக்கும் காரணத்துக்கும் 5, சோதிக்கும் வழிக்கு 4. முழுப் புள்ளியையும் விடைக்கே கொடுத்தால் நல்ல வினாவும் பழைய வினாவாகிவிடும். நேரமும் கூடுதலாக வேண்டும்: ஒரு மணித்தியாலத்துக்கு இத்தகைய இரண்டு வினா போதும். பத்து வினா கொடுத்தால் பக்கம் புரட்டும் வேகத்தையே அளப்போம்.

ஆனால் புத்தகத்தைத் திறந்தால் மட்டும் போதாது. இந்தியாவின் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2014இல் 9ஆம், 11ஆம் வகுப்புகளுக்குத் திறந்த பாடப்பகுதித் தேர்வைக் கொண்டுவந்தது. பாடப்பகுதி மாதங்களுக்கு முன்பே மாணவர் கைக்கு வந்தது. 2017-18இல் அது கைவிடப்பட்டது. எதிர்பார்த்த திறனாய்வு ஆற்றல் வளரவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். பகுதி முன்கூட்டியே தெரிந்தால், வரக்கூடிய கேள்விக்கான விடையை எவராவது எழுதிக் கொடுப்பார். பிள்ளை அதையும் மனப்பாடம் செய்யும். புத்தகம் திறந்திருக்கலாம், சூழ்நிலை புதிதாக இருக்கவேண்டும்.

இத்தகைய வினாவை வீட்டு ஒப்படையாகவும் கொடுக்கலாம், ஆனால் அதன் ஆபத்து வேறு. ரியூசன் ஆசிரியரோ அண்ணனோ எழுதிக் கொடுக்கலாம். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் தரவு வேறாக இருக்கட்டும். வீட்டிலிருக்கும் ஏதாவதொரு பெட்டியில் ஒரு கிலோ ஐஸை இட்டு, நான்கு மணித்தியாலத்தின் பின் எஞ்சியதை நிறுத்து வரட்டும். வகுப்பில் ஐந்து நிமிடம் வாய்மொழியாக, ஒரு நிபந்தனையை மாற்றிக் கேளுங்கள்: 'பெட்டியை வெயிலில் வைத்திருந்தால்?' தானே செய்தவன் தடுமாறியாவது யோசிப்பான். செய்யாதவனிடம் யோசிக்க ஒன்றுமே இராது.

நினைவாற்றல் வேண்டாம் என்பதல்ல என் வாதம். தன்மறை வெப்பம் என்றால் என்னவென்றே அறியாதவனுக்கு எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியாது. அவசர சிகிச்சை செய்பவரும் கப்பல் ஓட்டுபவரும் புத்தகம் தேடி நிற்க முடியாது. அத்தகையவற்றை மனதில் பதித்தே ஆகவேண்டும், புத்தகத்தை மூடியே சோதிக்கவும் வேண்டும். ஆனால் பதிய வேண்டியது எது, பயன்படுத்த வேண்டியது எது என்று பிரித்தறிவது ஆசிரியரின் கடமை. எல்லாவற்றையும் மனப்பாடமாகக் கேட்பது அந்தக் கடமையிலிருந்து தப்புவது.

மூத்தோர் சொன்னதை அப்படியே ஒப்புவிக்கும் பழக்கத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் புள்ளி போட்டு வளர்த்துவிட்டு, நம் பிள்ளைகள் சாதியையும் சோதிடத்தையும் கேள்வியின்றி ஏற்கிறார்கள் என்று வருந்துவதில் நியாயமில்லை. அடுத்த தவணைப் பரீட்சைத் தாளை எடுத்துப் பாடப்புத்தகத்தின் பக்கத்தில் வையுங்கள். விடை அப்படியே கிடைக்கும் ஒவ்வொரு வினாவையும் வெட்டுங்கள். தாளில் எஞ்சி நிற்பதே உங்கள் மாணவரை நீங்கள் சிந்திக்கச் சொன்ன அளவு.