விடுப்பைக் கெஞ்சாதே, நிமிர்ந்து கேள்!

நண்பா! தங்கை திருமணத்துக்கு ஐந்து நாள் விடுப்புக் கேட்க, மேலாளர் அறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாயா? நிமிர்ந்து நில்! அவர் தயங்குவது உன் மேல் கோபம் கொண்டல்ல. "இவன் போய்விட்டால் அந்த வேலையை யார் பார்ப்பது?" அந்தக் கேள்விதான் அவரைத் தடுக்கிறது. அதற்கு விடை தெரிந்தவன் நீ. அதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடு!

பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் கணக்குப் பிரிவு உன்னுடையது என்று வைத்துக்கொள். 9 முதல் 13 வரை உனக்கு விடுப்பு வேண்டும். நடுவே 11ஆம் தேதி வருகிறது. மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கு அன்றுதான் கடைசி நாள். அது தவறினால் சரக்கு வாங்கியவருக்கு வரி வரவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். அவர் சண்டைக்கு வருவது உன் மேலாளரிடம்தான். வெறுமனே "குடும்ப விசேஷம், விடுப்பு தரவும்" என்று எழுதினால், "அப்புறம் பார்க்கலாம்" என்றுதானே சொல்வார்?

இப்படி எழுது:

"ஜிஎஸ்டிஆர்-1: 8ஆம் தேதி மாலைக்குள் நானே தாக்கல் செய்துவிடுவேன். ஓடிபி முதலாளியின் செல்போனுக்கு வரும். மாலை 4 மணிக்கு இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சப்ளையர் பணம்: 10ஆம் தேதி தரவேண்டியவற்றின் பட்டியலை பில்லிங் பிரிவு நண்பரிடம் கொடுத்து விளக்கிவிட்டேன். அவர் ஒப்புக்கொண்டார்.

பிஎஃப், இஎஸ்ஐ: கடைசி நாள் 15. 14ஆம் தேதி வந்து நானே கட்டுவேன்.

அவசரமென்றால் மாலை 6 முதல் 7 வரை அழைக்கலாம்."

அவ்வளவுதான்! போகுமுன் முடிப்பது, இன்னொருவர் பார்ப்பது, வந்து முடிப்பது என்று எல்லா வேலையும் பிரிந்துவிட்டது. இதில் உயிர்நாடி "அவர் ஒப்புக்கொண்டார்" என்பதே. கேட்காமல் ஒருவர் பெயரை எழுதாதே! மேலாளர் விசாரிக்கும்போது அவர் "எனக்குத் தெரியாதே சார்" என்றால், உன் திட்டம் அங்கேயே கவிழ்ந்துவிடும். பாஸ்வேர்டையும் கடிதத்தில் எழுதாதே.

திடீர் நோய், துக்கம் என்றால் திட்டத்துக்காகக் காத்திராதே. இரண்டு வரி எழுதிவிட்டுக் கிளம்பு. அதே வாரம் இன்னொருவரும் விடுப்பில் இருந்தால் மேலாளர் மறுக்கலாம். அப்போதும் சோர்ந்துவிடாதே! "எந்த வேலை இடிக்கிறது சார்?" என்று கேள். அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி மீண்டும் கொடு.

"நான் இல்லாமலும் வேலை நடக்கும் என்று நானே காட்டிக்கொடுப்பதா?" என்று அஞ்சுகிறாயா? அந்த அச்சத்தை உதறு! தன் வேலையை அடிமுதல் நுனிவரை அறிந்தவனால்தான் அதைப் பிரித்து ஒப்படைக்க முடியும். மேலாளர் அந்தத் தாளில் காண்பது உன் திறமையைத்தான்.

விடுப்பு உன் உரிமை. வேலை நிற்காமல் பார்ப்பது உன் பொறுப்பு. இரண்டையும் ஒரே தாளில் எழுது, தலைநிமிர்ந்து நீட்டு!