எட்டே கால்

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. ஜூன் 9, திங்கட்கிழமை காலை 10.30 மணிக்கு அவளுக்கு எண்டோஸ்கோபி செய்வதாக இருந்தது. ‘ஃபாஸ்டிங்’கில் வரவேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வந்திருந்தது. “விரதமா இருக்கணுமாம்மா” என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். திங்கள் காலை ஏழரை மணிக்கு அம்மா ஒரு டம்ளர் பால் குடித்தாள். அறுபது வருடமாக அவள் இருக்கும் விரதங்களில் பாலுக்கும் பழத்துக்கும் தடை கிடையாது. அவள் செய்ததில் பிழையே இல்லை. நான் சொன்ன சொல்லில்தான் பிழை.

பால் தண்ணீரைப் போல வயிற்றைவிட்டுச் சீக்கிரம் இறங்கிவிடாது, உணவாகத்தான் கணக்கு. வயிற்றில் ஏதாவது இருந்தால் குழாயின் வழியே பார்க்கும் மருத்துவருக்கு உள்சுவர் சரியாகத் தெரியாது. அதைவிட முக்கியம், மயக்க மருந்தின் அசதியில் அது மேலெழும்பி மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். அன்றைக்குச் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். மதியம் புதுத் தேதியோடு அடுத்த செய்தி வந்தது.

இந்த முறை அதை நான்கு தடவை படித்தேன். சாரம் இதுதான்: 9ஆம் தேதி காலை 10.30க்கு இருந்த சோதனை 12ஆம் தேதி காலை 8.15க்கு மாற்றப்பட்டிருக்கிறது. 45 நிமிடம் முன்னதாக வரவேண்டும். நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு திட உணவோ பாலோ கூடாது. காலை 6 மணி வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம். அன்று காலைச் சர்க்கரை மருந்துகளை ‘ஹோல்ட்’ செய்யவும். ரத்த அழுத்த மாத்திரையைச் சிறிது தண்ணீரோடு போடலாம். பழைய ரிப்போர்ட்டுகளும் துணைக்கு ஒருவரும் அவசியம்.

“என்னடி, தள்ளிப் போட்டுட்டாங்களா?” என்றாள் அம்மா. ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தேதி தள்ளிப் போயிருக்கிறது. மணியோ முன்னால் வந்திருக்கிறது. ‘தள்ளிப் போச்சு’ என்றால் அவள் மனதில் பழைய பத்தரை அப்படியே வியாழக்கிழமைக்கு நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் பழையதைப் பேசாமல் புதியதை முதலில் சொன்னேன்: “வியாழக்கிழமை, பன்னெண்டாம் தேதி, காலைல எட்டே கால்.”

“எட்டே முக்காலா?”

அம்மாவுக்கு ஒரு காது மந்தம். காலும் முக்காலும் அவளுக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. தினசரி காலண்டரில் 12ஆம் தேதித் தாளைத் தேடி, அது வியாழன்தான் என்று பார்த்துவிட்டு, தடித்த பேனாவால் 8.15 என்று எழுதினேன். மேலே ‘ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டியது 7.30’ என்றும் எழுதினேன். இரண்டு மணியும் வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால், அதிலிருந்து இன்னொரு முக்கால் மணி நேரத்தை வீட்டில் யாராவது கழித்துவிடுவார்கள்.

அடுத்தது நள்ளிரவு. மருத்துவமனைக்கு இரவு 12 மணிக்கு அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. அம்மாவுக்கு நாள் என்பது பொழுது விடிந்தால்தான். ‘வியாழக்கிழமை ராத்திரி பன்னெண்டு மணியிலேர்ந்து’ என்றால், சோதனை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அதற்கப்புறம் வரும் ராத்திரியைத்தான் அவள் நினைப்பாள். ஆகவே, “புதன்கிழமை ராத்திரி சாப்பிடலாம். அன்னிக்கு ராத்திரி பன்னெண்டு அடிச்சா சாப்பாடு, பால், காபி எதுவும் கிடையாது. விடிகாலை ஆறு மணி வரைக்கும் வெறும் தண்ணி மட்டும். ஆறுக்கு மேல அதுவும் இல்ல” என்றேன். விரதம் என்ற சொல்லை எடுக்கவே இல்லை.

மிகவும் இடறியது ‘ஹோல்ட்’தான். நிறுத்தவும் என்று தமிழில் சொல்லிவிடலாம். ஆனால் ‘டாக்டர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டார்’ என்று அது தெருவுக்கே செய்தியாகும்; அம்மா மறுநாளும் போடமாட்டாள். “வியாழக்கிழமை காலைல மட்டும் போடக்கூடாது” என்று சொன்னேன். எந்த மாத்திரை? அவள் அதை ‘பெரிய வெள்ளை’ என்பாள். அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், ரத்த அழுத்த மாத்திரையும் வெள்ளைதான். நிறத்தை நம்பாமல், அட்டையில் இருந்த பெயரைச் சீட்டோடு ஒப்பிட்டு, சர்க்கரை அட்டையில் ரப்பர் பேண்ட் சுற்றி வைத்தேன்.

செய்தியில் இல்லாத இரண்டு விஷயங்கள் மிச்சம் இருந்தன. புதன் இரவுச் சர்க்கரை மாத்திரையைப் போடலாமா? ரத்த அழுத்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது? எனக்கு இரண்டுக்கும் விடை தெரியும் என்றுதான் தோன்றியது. ஆனாலும் அது என் ஊகம். அம்மாவின் காதில் விழும்போது மருத்துவமனையின் கட்டளையாகிவிடும். போன் செய்து கேட்டேன். சாப்பிட்டுவிட்டு இரவு மாத்திரையை வழக்கம்போல் போடலாம், மற்றதைக் காலை ஆறு மணிக்குள் ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாம் என்றார்கள். அது அம்மாவுக்கான பதில். வேறொருவருக்கு அவருடைய மருத்துவர்தான் சொல்லவேண்டும். மணியை ஏன் முன்னால் கொண்டுவந்தார்கள் என்றும் கேட்டேன். சர்க்கரை உள்ளவர்கள் நெடுநேரம் வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும், அதனால் அவர்களைக் காலையிலேயே முதலில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

இதற்கு முன்பெல்லாம் பத்து மணி என்றால் அம்மாவிடம் ஒன்பது என்பேன். அவள் புடவை மாற்றிக் கிளம்ப நேரமாகும் என்று நானே செய்துகொண்ட ஏற்பாடு. இந்த முறையும் புத்தி அங்கேதான் போனது. “ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்காங்கம்மா” என்றேன். அம்மா காலண்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தாள்ல ஏழரைன்னு எழுதியிருக்கே. என் உடம்புக்கு வந்த சேதி. உள்ளது உள்ளபடி சொல்லு. கிளம்புறது என் பாடு.”

அந்தப் பேச்சு எனக்குள் தைத்தது. அவளுடைய நல்லதுக்கென்று நான் சேர்த்ததும் குறைத்ததும் அவள் கையிலிருந்த ஒரு முடிவை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டதுதான். அதோடு, ஒன்று பொய் என்று தெரிந்தால், ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கூடாது என்பதையும் அவள் எதற்காக நம்பவேண்டும்? சீக்கிரம் கிளம்பவேண்டும் என்றால், “அவங்க சொன்னது ஏழரை. ஆறே முக்காலுக்கு ஆட்டோ ஏறிடலாம்னு நான் சொல்றேன்” என்று இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்கலாம். அன்று அப்படித்தான் திருத்திச் சொன்னேன்.

கடைசியாக, “புரிஞ்சுதாம்மா?” என்று கேட்கவில்லை. அதற்கு அவள் என்றைக்கும் ‘ம்’ என்றுதான் சொல்வாள். “புதன்கிழமை ராத்திரியிலேர்ந்து என்னென்ன செய்யப்போற, நீ சொல்லு பார்ப்போம்” என்றேன். வரிசையாகச் சொன்னாள். தேதி சரி, மணி சரி, மாத்திரை சரி. நடுவில், “அஞ்சு மணிக்கு எழுந்து ஒரு வாய் கருப்புக் காபி, அதுல பால் இல்லையே” என்றாள். செய்தியில் இருந்தது வெறும் தண்ணீர் மட்டும். காலண்டர் தாளில் ‘கருப்புக் காபியும் கூடாது’ என்று ஒரு வரி ஏறியது. அவளைத் திருப்பிச் சொல்ல வைக்காமல் இருந்திருந்தால், நான் நன்றாகச் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியோடு இன்னொரு முறை திரும்பி வந்திருப்போம்.

வியாழக்கிழமை ஏழு இருபதுக்கு மருத்துவமனையில் இருந்தோம். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்று செவிலியர் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. “புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ரெண்டு இட்லி. அப்புறம் அஞ்சே முக்காலுக்குப் பிரஷர் மாத்திரையோட ஒரு மடக்குத் தண்ணி” என்று அம்மாவே சொன்னாள்.