திருடுபோன பூட்ஸ்

அமெரிக்க நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் தொழிலாளியின் பூட்ஸ் திருடுபோனது. பூட்ஸ் இல்லாமல் உள்ளே இறங்க முடியாது; அன்றைய கூலி போய்விடும். ஃபோர்மேனிடம் முறையிட்டார். சொந்தப் பொருளுக்குக் கம்பெனி பொறுப்பல்ல, விதியைப் பார் என்று பதில் வந்தது. அதுவரை பேச்சு தேவையைப் பற்றியது. அந்த நொடியில் உரிமைத் தகராறாகிவிட்டது. விதியில் தோற்றவர் பலத்துக்குத் தாவினார். சக தொழிலாளர்களைத் திரட்டிக்கொண்டு வெளியேறினார், வேலை நின்றது. யூரி, பிரெட், கோல்ட்பெர்க் மூவரும் 1988இல் எழுதிய நூலில் வரும் சம்பவம் இது. ஃபோர்மேன் சொன்ன விதி என்னவோ சரிதான். ஆனால் இரவலாக ஒரு ஜோடி தேடிக் கொடுத்திருக்கலாம். புதிதாகவே வாங்கித் தந்திருந்தாலும், நின்றுபோன வேலையின் நஷ்டத்துக்கு முன் அந்தச் செலவு ஒன்றுமேயில்லை.